சிலம்பம் 30 நாள்: தேறியதையும் சறுக்கியதையும் ஒரே வீடியோவில் காட்ட ஒரு வழிகாட்டி

“முப்பது நாளில் கம்பு சுத்தக் கத்துக்கிட்டேன்” என்கிற வகை வீடியோக்களில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கும். முதல் நாள் எடுத்ததில் ஆக மோசமான துண்டைப் போடுவார்கள். கடைசி நாள் பத்துத் தடவை எடுத்து, அதில் ஆக நல்ல துண்டைப் போடுவார்கள். இரண்டுமே நிஜமாக நடந்தவைதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய்யாகிவிடும். பார்க்கிறவருக்கு முப்பது நாளில் எவ்வளவு வரும், எங்கே இடிக்கும் என்பது கடைசிவரை தெரியாது.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் சிலம்பம் கற்கத் தொடங்கியபோது, அவளுடைய 30 நாள் வீடியோவுக்கு உடன் உட்கார்ந்தேன். அந்த வேலையை வைத்தே இதை எழுதுகிறேன். முதல் முறையாக இப்படி ஒரு வீடியோ எடுக்கப் போகிறவர்களுக்கு இது.

கேமராவைத் தொடும் முன்: ஒரே ஒரு சோதனை

வீடியோ முழுவதையும் தாங்கப் போவது ஒரு சோதனைதான். அதே சோதனையை 1, 10, 20, 30 ஆகிய நாட்களில் அதே மாதிரி செய்ய வேண்டும். எண்ணிச் சொல்லக்கூடியதாகவும், முதல் நாளே முயன்று பார்க்கக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். “அழகாகச் சுற்றுகிறேனா” என்பது சோதனை ஆகாது. “ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று, எத்தனை தடவை கம்பு கீழே விழுந்தது” என்றால் ஆகும். அவள் வைத்துக்கொண்டது இதுதான்: கம்பை நடுவில் பிடித்து, நின்ற இடத்தில், வலது கையால் ஒரு நிமிடம், கொஞ்சம் இளைப்பாறிவிட்டு இடது கையால் ஒரு நிமிடம்.

இதை முடிவு செய்யும் முன் வாத்தியாரிடம் கேட்டுவிடுங்கள். சில வாத்தியார்கள் ஆரம்பத்தில் கம்பையே கையில் தரமாட்டார்கள், காலடி வரிசைதான் முதலில். அப்படியானால் சோதனையும் காலடியில்தான் இருக்க வேண்டும்: இத்தனை அடி எடுத்து வைத்ததில் எத்தனை இடத்தில் வரிசை தப்பியது என்று. வீடியோவுக்காக வாத்தியார் சொல்லாததை வீட்டு முற்றத்தில் தனியாகச் சுற்றிப் பார்ப்பது கண்ணாடிக்கும் கண்ணுக்கும் ஆபத்து. இன்னொன்றும் கேட்க வேண்டும். தன் பாட வரிசையைப் படம் பிடித்து வெளியே போடுவதை எல்லா வாத்தியாரும் விரும்புவதில்லை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று முதல் நாளே தெரிந்துகொண்டால் பிற்பாடு எடிட்டிங் மேசையில் சங்கடம் வராது.

கம்புக்கு ஒரு சின்ன வேலை பாக்கி. ஒரு முனையில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் டேப் சுற்றுங்கள். கம்பின் இரண்டு முனையும் ஒன்றுபோல இருப்பதால், டேப் இல்லாமல் எண்ணினால் அரைச் சுற்றையெல்லாம் முழுச் சுற்று என்று எண்ணிவிடுவீர்கள். கணக்கு இரட்டிப்பாகும். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே வருகிற பொய் இது.

செல்போனை எங்கே வைப்பது

இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் நாளும் முப்பதாம் நாளும் கேமரா வேறு இடத்தில் இருந்தால், நீங்கள் காட்டுவது கேமராவின் முன்னேற்றம். போனைத் தரையோடு தாழ்த்தி வைத்து எடுத்தால் யாருமே பெரிய வீரர் மாதிரித் தெரிவார்கள். 0.5x லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் கம்பு நீண்டு, வீச்சு பெரிதாகத் தெரியும். ஆகவே போன் இடுப்பு உயரத்தில், 1x லென்ஸில், ஆளிலிருந்து சுமார் 12 அடி தள்ளி இருக்கட்டும். ஐந்தடிக் கம்பு கையை விட்டுப் பறந்தாலும் போன் பிழைக்க வேண்டுமே. நிற்கும் இடத்துக்கு ஒரு செங்கல், ட்ரைபாட் நிற்கும் இடத்துக்கு ஒரு செங்கல் என்று மைதானத்து ஓரத்தில் பதித்துவிட்டால் முப்பது நாளும் அளவெடுக்கும் வேலை இல்லை.

முன்பக்கக் கேமராவில் எடுக்காதீர்கள். சில போன்கள் அந்தப் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றியே சேமிக்கும். வலது கை, இடது கை என்று பிரித்துக் காட்டும் வீடியோவில் அது போதும், எல்லாம் குழம்பிவிடும். காவலுக்கு வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வது நல்லது.

அடுத்தது வெளிச்சம். ஒளி குறைந்தால் போன் தானாகவே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் ஐந்தடிக் கம்பின் நுனி விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், கம்பு விசிறி மாதிரிக் கலங்கித் தெரியும். 1/500 என்றால் ஒரு சென்டிமீட்டர்தான், கம்பு கம்பாகவே தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், கலங்கிய படம்தான் பார்ப்பவருக்கு வேகமாகத் தோன்றும். முதல் நாள் பளிச்சென்ற காலையிலும் முப்பதாம் நாள் மசங்கலிலும் எடுத்தால், வேகம் கூடாமலே கூடியதுபோல இருக்கும்.

போனில் ‘Pro’ வசதி இருந்தால் ஷட்டரை 1/500-இல் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல வெயில் வந்தபின், ஒரே நேரத்தில் எடுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் வைத்தால் எண்ணுவது சுலபம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: எடுத்ததும் ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். டேப்பின் நிறம் தனித்துத் தெரிந்தால் சரி. நிறமே இல்லாமல் ஒரு சாம்பல் படலமாக இருந்தால் எண்ண முடியாது, இன்னும் வெளிச்சம் வேண்டும்.

முதல் டேக் மட்டும்

சோதனை நாளில் ஒரே ஒரு டேக். உடம்பை எப்போதும்போலத் தளர்த்திக்கொண்டு, வணக்கம் போட்டுவிட்டு, ஒரு நிமிடம். கம்பு விழுந்தால் எடுத்துத் தொடர வேண்டும், கடிகாரம் நிற்காது. நன்றாக வரவில்லை என்று மறுபடி எடுக்கக்கூடாது. இந்த விதியை வீடியோவின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த வரிதான் பொறுப்பு.

சோதனை இல்லாத நாட்களில் நிறைய எடுக்க வேண்டாம். பயிற்சியில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். அதைவிட முக்கியம், அன்று இரவே போனில் அரை நிமிடக் குரல் பதிவு: இன்று என்ன வந்தது, என்ன வரவில்லை, எங்கே வலிக்கிறது. மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து பேசினால் “கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அப்புறம் சரியாயிட்டு” என்பதுதான் வரும். பன்னிரண்டாம் நாள் மழையைப் பார்த்துக்கொண்டு அலுத்துப்போய்ப் பேசிய குரல் அப்போது கிடைக்காது.

விடுபட்ட நாளையும் குறித்து வையுங்கள். 30 நாள் என்பது நாட்காட்டிக் கணக்கா, பயிற்சிக் கணக்கா? பலர் நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டு, முப்பதாவது பயிற்சியை “30-ஆம் நாள்” என்று போடுகிறார்கள். அவள் நாட்காட்டிக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டாள். அதில் 24 நாள்தான் பயிற்சி நடந்தது. அதைத் திரையில் அப்படியே போட்டோம்.

எண்ணுவதும், எண்ணிக்கையைப் படிப்பதும்

எடுத்த சோதனையைக் கால் வேகத்தில் ஓடவிட்டு, டேப் ஒட்டிய முனை கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒத்துப் பார்ப்பது நல்லது. அவளுடைய கணக்கு இப்படி வந்தது:

| நாள் | வலது: சுற்று / விழுந்தது | இடது: சுற்று / விழுந்தது |
|---|---|---|
| 1 | 41 / 5 | 14 / 9 |
| 10 | 63 / 2 | 22 / 7 |
| 20 | 48 / 6 | 25 / 6 |
| 30 | 71 / 1 | 37 / 4 |

இருபதாம் நாளைப் பாருங்கள். வலது கை 63-இலிருந்து 48-க்கு இறங்கிவிட்டது. “மாமா, இத எடுத்துருவோம். பாக்கவ சிரிப்பாவ” என்றாள். “இருக்கட்டும்ளா, இதுதான் வீடியோவே” என்றேன். இறக்கத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அது ஏன் வந்தது என்று தேட வேண்டும். “நடுவுல கொஞ்சம் டவுன் ஆயிட்டேன்” என்று சோக இசை போட்டுவிட்டுப் போனால் கற்கிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

காரணமாக இரண்டைச் சந்தேகப்பட முடிந்தது. ஐப்பசி மழையில் மைதானம் சேறாகி, 11 முதல் 14 வரை நான்கு நாள் பயிற்சியே இல்லை. அதன்பிறகு 17-ஆம் நாள் வாத்தியார் பிடியை மாற்றினார். அவள் கம்பை முஷ்டி இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தாள். “கைய இறுக்காதளா, மணிக்கட்டுல சுத்து” என்று சொல்லி, விரல்களைத் தளர்த்திப் பிடிக்க வைத்தார்.

இரண்டில் எது? விடை அந்த அட்டவணையிலேயே இருந்தது. மழையில் விட்டுப்போனதுதான் காரணம் என்றால் இரண்டு கையும் இறங்கியிருக்க வேண்டும். இடது கையோ 22-இலிருந்து 25-க்கு ஏறியிருக்கிறது. இடது கைக்கு மறக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இன்னும் படிந்திருக்கவில்லை, வலது கைக்குப் படிந்திருந்தது. இதை உறுதி செய்ய 16-ஆம் நாள் பயிற்சித் துண்டைப் போட்டுப் பார்த்தோம். மழைக்குப் பின், பிடி மாற்றத்துக்கு முன் எடுத்தது அது. அதில் வலது கை பத்தாம் நாளின் வேகத்திலேயே ஓடுகிறது. ஆக, இறக்கம் மழையால் வந்ததில்லை, பிடி மாறியதால் வந்தது. முப்பதாம் நாள் அதே புதுப் பிடியில் 71 வந்ததும், ஒரே ஒரு தடவைதான் கம்பு விழுந்ததும் அதற்குப் பொருந்துகிறது.

இப்படி எல்லாச் சறுக்கலுக்கும் காரணம் கிடைத்துவிடாது. கிடைக்காத இடத்தில் “காரணம் பிடிபடவில்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். கதைக்கு வசதியாக ஒரு காரணத்தை ஒட்டவைத்தால், அதை நம்பி இன்னொருவர் தன் பிடியை மாற்றிக்கொண்டு அவதிப்படுவார்.

வெட்டி ஒட்டும்போது

ஏழெட்டு நிமிடம் போதும். முதலில் 1-ஆம் நாளும் 30-ஆம் நாளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீளத்துக்கு, வெட்டாமல் 20 விநாடி. எந்த 20 விநாடி என்று தேர்ந்தெடுக்கும் சலுகையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டிலும் சோதனையின் முதல் 20 விநாடி. ஓட்ட வேகத்தை எங்கேயும் கூட்டக்கூடாது. எண்ணிக் காட்டுவதற்காக மெதுவாக்கினால் திரையில் ‘கால் வேகம்’ என்று எழுதிவிடுங்கள்.

கம்பு தரையில் விழும் சத்தத்தை வெட்டாதீர்கள், அதன்மேல் சிரிப்புச் சத்தமும் ஏற்றாதீர்கள். விழுந்த எண்ணிக்கை காதிலேயே ஏறும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நடுப்பகுதியில் அதிக நேரம் பெற வேண்டியது இறக்கம்தான். அவளுடைய வீடியோவில் பிடி மாற்றத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் போனது: பழைய பிடி, புதுப் பிடி, தோள் அசைவது, மணிக்கட்டு அசைவது, 16-ஆம் நாள் துண்டு, அட்டவணை. மழை நாட்களுக்குப் பத்து விநாடி, சேறான மைதானமும் அன்றைய குரல் பதிவும். உள்ளங்கைக் கொப்புளத்துக்கு ஒரே ஒரு ஷாட். ரத்தம் தெரிய வேண்டும் என்று கிள்ளிக் காட்டுகிற ஆட்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

கடைசியில் இன்னும் வராதது எது என்பதற்கு ஓர் இடம் வேண்டும். நின்ற இடத்தில் சுற்றுகிறாள், காலடி எடுத்து வைத்தபடி சுற்றச் சொன்னால் மூன்றாவது அடியில் கம்பு முழங்காலில் இடிக்கிறது. அதையும் ஒரே டேக்கில் எடுத்துச் சேர்த்தோம்.

ஒலியைப் பற்றி நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகளைச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று போன் மைக்கில் இரைச்சலாகவே விழும். மைதானத்தில் பேசுவதை விட்டுவிட்டு, வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் குரல் பதிவு செய்யுங்கள். கம்புச் சத்தம் மட்டும் மைதானத்திலிருந்து வரட்டும். மற்றது கோயில் கொடை. குழாய் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடும்போது எடுத்தால், யூடியூப்பின் Content ID அந்தப் பாட்டை அடையாளம் கண்டு உரிமைக் கோரிக்கை எழுப்பக்கூடும். வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், சில வேளை வீடியோவே தடைபடலாம். கொடை நாளில் சோதனை வந்துவிட்டால் அந்த ஒலியை மட்டும் நீக்கிவிட்டு, ‘கொடைப் பாட்டு கேட்டதால் ஒலி இல்லை’ என்று திரையில் போடுங்கள். நாளை மாற்றாதீர்கள்.

பின்னால் சின்னப் பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகம் தெரிந்தால் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். முடியாவிட்டால் ட்ரைபாட்டை முதல் நாளே சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பது எளிது.

தலைப்பு, அத்தியாயங்கள், ஏற்றுவதற்கு முன்

தலைப்பில் முடிவைச் சொல்லிவிடலாம்: “சிலம்பம் 30 நாள்: வலது கை தேறியது, இடது கை பாதிதான்”. ‘மாஸ்டர் ஆனேன்’ என்ற தலைப்புக்குக் கீழே 37 / 4 என்ற எண் பொருந்தாது. யூடியூப்பில் விவரப் பகுதியில் நேரத்தோடு வரிகளை எழுதினால் வீடியோ அத்தியாயமாகப் பிரியும். முதல் வரி 00:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வரி வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது.

```
00:00 1-ஆம் நாளும் 30-ஆம் நாளும்
00:40 சோதனை விதி: முதல் டேக் மட்டும்
01:30 முதல் பத்து நாள்
02:50 20-ஆம் நாள்: 63-இலிருந்து 48
04:50 30-ஆம் நாள் முழுச் சோதனை
06:50 இன்னும் வராதது
```

இறக்கத்தின் பெயரையே அத்தியாயத் தலைப்பாக வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற ஒருவர் நேராக அங்கே போய்விடலாம்.

ஏற்றும் முன் வாத்தியாருக்குப் போட்டுக் காட்டுங்கள். இது மரியாதைக்காக மட்டுமில்லை. புதிதாகக் கற்கிறவர் தன் சறுக்கலுக்குத் தானே சொல்லும் காரணம் பல நேரம் தப்பாக இருக்கும். அக்கா மகள் தன் குரல் பதிவில் “இடது கைல பலம் பத்தல” என்று சொல்லியிருந்தாள். வாத்தியார் முப்பதாம் நாள் சோதனையை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். “பலம்லாம் இருக்கு. நீ கம்பையே பாத்துக்கிட்டு நிக்க. தலை திரும்புது, அதோட தோளும் திரும்பிருது” என்றார். நான்கு இடத்திலும் நிறுத்திப் பார்த்தோம். கம்பு விழுவதற்குச் சற்று முன் நான்கிலும் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த இடத்துக் குரலை மட்டும் நீக்கிவிட்டு, நான்கு ஃபிரேம்களையும் வரிசையாக வைத்து, வாத்தியார் சொன்னதை அவள் குரலிலேயே மறுபடி பதிவு செய்து சேர்த்தோம். முதலில் தான் நினைத்தது வேறு என்பதையும் அதிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கிறாள்.